தயிர் வடிந்த தண்ணீர்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் தலை நரைக்கும் வரை சமைத்தவர். அடுப்பில் எதை ஏற்றினாலும் மூடியைத் திறக்காமலே வாசனையை வைத்து உப்பு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். இன்னொரு குணமும் அவரிடம் இருந்தது. எதையும் கீழே கொட்ட மாட்டார். காய் கழுவிய தண்ணீர் செடிக்குப் போகும், முட்டைக்கோஸின் தடித்த தண்டு சூப்புக்குப் போகும். "மாஸ்டரை விட்டா ஆவியைக்கூடப் பாட்டில்ல பிடிச்சு வெச்சுடுவாரு" என்று கேன்டீனில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் பாத்திரத்தைக் கவிழ்க்க மாட்டார்.

மனைவி போன பிறகு மகன் வீட்டுக்கு வந்தார். மகன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்த நேரம் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டு கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாத வேலை. மருமகள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் இருந்தாள். வந்த முதல் வாரமே மாஸ்டர் சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டார். மருமகள் ஒப்புக்கு ஒரு வார்த்தை மறுத்துப் பார்த்தாள். மறுநாள் காலை சூடாக டிபன் டப்பா மேசையில் இருந்ததைப் பார்த்ததும், "மாமா, நீங்க இங்கேயே இருந்துடுங்க. உங்க பையனை வேணும்னா எங்கேயாவது அனுப்பிடலாம்" என்றாள். அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அது. அன்றிலிருந்து அவள்மேல் அவருக்குத் தனிப் பாசம்தான். அதை மறந்துவிட்டு மற்றதைச் சொன்னால் கதை தப்பாகிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காபி குடித்த அரை மணியில் வயிறு உப்பிக்கொள்ளும், கடமுட என்று சத்தம் கேட்கும், பிறகு ஓட்டம்தான். டாக்டரிடம் மாஸ்டரும் கூடப் போயிருந்தார். பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது, அதை இந்தப் பெண்ணின் குடல் இப்போது செரிக்க மாட்டேன் என்கிறது, பாலை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். தயிர் இல்லாமல் சாப்பாடே இறங்காது என்று மருமகள் முகத்தைச் சுளித்ததும், "தயிரை நல்லா வடிகட்டிக் கெட்டியா எடுத்துக் கொஞ்சமா சாப்பிட்டுப் பாருங்க, பெரும்பாலும் ஒத்துக்கும்" என்றார்.

மாஸ்டருக்கு அது போதும். அன்றைக்கே மெல்லிய பருத்தித் துணி வாங்கி, கஞ்சி போக வெந்நீரில் அலசிக் காயவைத்தார். புளிப்பு ஏறாத தயிராகப் பார்த்து உறைய வைத்தார். துணியை நனைத்துப் பிழிந்து வடிதட்டில் விரித்து, ஏடு உடையாமல் தயிரைக் கரண்டி கரண்டியாக எடுத்து வைத்தார். கலக்கிவிட்டால் வடியும் தண்ணீரோடு தயிரும் கலங்கிப் போய்விடும், தெளிவாக வராது. நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்து, நீளக் கரண்டியின் காம்பில் கட்டி, ஆழமான பானையின் குறுக்கே தொங்கவிட்டு, அப்படியே ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். வெளியே தொங்கினால் கெட்டியாவதற்குள் புளித்துப் போகும். முதலில் சரசரவென்று ஓடிய தண்ணீர் பிறகு சொட்டுச் சொட்டாக நின்று வடியும். மூட்டையைப் பிழியவே கூடாது, பிழிந்தால் தயிர் துணியின் கண் வழியே பிதுங்கிவிடும் என்று யாரும் கேட்காமலே மகனுக்குப் பாடம் நடத்துவார்.

காலையில் பிரித்தால் துணியின் கோடு பதிந்த வெள்ளை உருண்டை, போட்ட தயிரில் பாதி அளவுக்கு. உப்பும் மிளகுத்தூளும் நசுக்கிய பூண்டும் சேர்த்துப் பிசைந்து ரொட்டியில் தடவிக் கொடுத்தார். மருமகள் விரலை நக்கினாள். வயிறும் சும்மா இருந்தது.

மிச்சமிருந்தது பானையின் அடியில் நின்ற தண்ணீர். லேசான பச்சை ஓடிய மஞ்சள் நிறம், இளம் புளிப்பு. அதைப் பார்த்ததும் மாஸ்டரின் கை சும்மா இருக்குமா? பாட்டிலில் ஊற்றி வைத்தார். ரொட்டி மாவை அதில் பிசைந்தார், ரொட்டி பஞ்சு போல வந்தது. உருளைக்கிழங்கை அதில் வேகவைத்தார், கிழங்கு கரையாமல் சுவை ஏறியது. சாதம் கொதிக்கும்போது ஒரு டம்ளர், சூப்பில் தக்காளிக்குப் பதிலாக இரண்டு டம்ளர். கெட்டித் தயிரே ஒத்துக்கொள்ளும்போது அதில் வடிந்த வெறும் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. யோசித்திருந்தால்தானே சொல்லத் தோன்றும். பாட்டிலை மருமகளும் பார்த்திருக்கிறாள். மாமா குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் வயிறு மறுபடி தொடங்கியது. முன்பாவது காபி குடித்தால் இப்படி என்று கணக்குத் தெரிந்தது. இப்போது எதனால் என்றே தெரியவில்லை. டப்பாச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கவுன்டரில் உட்கார்ந்தால், வரிசை வாசல் வரை நிற்கும்போது அடிவயிறு முறுக்கும். 'சற்றுப் பொறுக்கவும்' பலகையை வைத்துவிட்டு எழுந்து ஓடுவாள். திரும்பி வரும்போது வரிசையில் நிற்பவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். ரயிலைத் தவறவிட்ட ஒருவர் எழுத்திலேயே புகார் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் சுருண்டு படுத்துக்கொள்வாள். அப்படிப் படுத்த நாளில் மாஸ்டர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "எதுவும் வேணாம்மா, இந்த சூப்பை மட்டும் குடி, வயித்துக்கு லேசா இருக்கும்" என்று கிண்ணத்தை நீட்டுவார். அவள் மறுக்காமல் குடிப்பாள்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. அவள் அம்மா வீட்டுக்குப் போனால் வயிறு சரியாகிவிடுகிறது. ஒரு விடுமுறைக்குப் போய்விட்டுப் பளபளவென்று வருவாள். இங்கே வந்த மறுநாளே பழைய கதை. டாக்டரும் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு, வேறு ஒன்றும் தெரியவில்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்.

மகன் ஒருநாள் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்து நின்றான். "என்னப்பா செய்யறது? எனக்கு ஒண்ணும் புரியல."

மாஸ்டர் சட்டையை மடித்தபடி சொன்னார். "உனக்குப் புரியலையா? அங்க போனா வராத வலி இங்க மட்டும் எப்படிடா வரும்? நான் பார்த்துப் பார்த்துத்தான் செய்யறேன். வலி வயித்துல இல்ல. அவளுக்கு நான் இங்க இருக்கறது பிடிக்கல. அதை வாயால சொல்ல முடியாம இப்படி நடிச்சுக் காட்டறா."

தான் சமைத்ததைச் சாப்பிட்டு ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த வருத்தம்தான் இந்தப் பேச்சாக வெளியே வந்தது. ஆனால் வாயை விட்டு வந்தது வந்ததுதான். அடுத்த வாரம் கணவன் மனைவிக்குள் ஏதோ வாக்குவாதம். சுவருக்கு அந்தப் பக்கம் மகனின் குரல் உயர்ந்தது. "நீ நடிக்கிறேன்னு அப்பாவே சொல்றாரு."

மறுநாள் மருமகள் வழக்கம்போல டப்பாவை எடுத்துக்கொண்டாள். "வரேன் மாமா" என்றாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்த மாதமே அவளைக் கவுன்டரிலிருந்து எடுத்துப் பார்சல் பிரிவுக்குப் போட்டார்கள். கவுன்டர்களுக்கு மேற்பார்வையாளராக அடுத்து அவளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சும் நின்றது. ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் இரண்டு ஆண்கள் மட்டும். மகன் பாதி நாள் வெளியே சாப்பிட்டான். வடித்த தண்ணீர் பாட்டில் பாட்டிலாகச் சேர்ந்துவிட்டது. வற்ற வைத்துவிட்டால் புளிப்புக்கு உதவும், இடத்தையும் அடைக்காது என்று ஒருநாள் மாஸ்டர் ஒரு பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அகலமான பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். கொதி வந்ததும் வெள்ளைத் துகள்கள் மிதந்து வந்தன. அவற்றை எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்தார். மதியம் முழுவதும் அது பாட்டுக்கு வற்றிக்கொண்டிருந்தது. அசந்துபோய் உட்கார்ந்தவரைத் தீய்ந்த வாசனைதான் எழுப்பியது. ஓடிப்போய் அணைத்தார். அடியில் கைப்பிடி அளவுக்குப் பழுப்பு நிறத்தில் பாகு போல நின்றது.

சமையல்காரர் பாகைப் பார்த்தால் ருசி பார்க்காமல் இருப்பாரா? ஆறியதும் விரலால் வழித்து நாக்கில் வைத்தார். புளிப்பு, கொஞ்சம் உப்பு. அதற்கு அடியில் இனிப்பு. சர்க்கரை சேர்க்காத பண்டத்தில் இனிப்பு எப்படி வந்தது என்று மறுபடி வழித்தார். பல்லுக்கிடையில் நறநறவென்றது. பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். பாகு ஆறிய இடமெல்லாம் மணல் மணலாகப் பூத்திருந்தது. எத்தனை பாகு காய்ச்சிய கை அது. சர்க்கரை பூத்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னது அப்போது அவர் காதில் விழுந்தது, அன்றைக்கு விழாத மாதிரி. தயிரை எதற்கு வடிகட்டச் சொன்னார்கள்? அந்தச் சர்க்கரை தண்ணீரோடு போகட்டும் என்றுதானே. போன தண்ணீரைப் பிடித்து மாவிலும் சாதத்திலும் கிழங்கிலும் ஊற்றி, ஒரு சொட்டு வீணாக்காமல் அவளுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். கொதித்தால் போய்விடுமா? போகாது, இதோ பாத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா வீட்டில் இந்தத் தண்ணீர் இல்லை. அங்கே வயிறு வலிக்காததில் என்ன அதிசயம்?

அவள் சுருண்டு கிடந்த நாட்களில் நீட்டிய சூப் கிண்ணம் நினைவுக்கு வந்தது. மாஸ்டர் ஃபிரிட்ஜில் மீதம் இருந்த கடைசி பாட்டிலைத் திறந்து குழாயடியில் கவிழ்த்தார். அது போய்த் தீரும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

மகனிடம் அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் வரட்டும், நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினார். அவள் வந்தாள். மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தார். ஒரு நாள் ஆயிற்று, வலி இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஒரு வாரம் தாண்டியது. முகம் தெளிந்துவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிட்டதே, இனி எதற்குக் கிளற வேண்டும் என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் தனியாக இருக்கும்போது வாய் தானாக எதையோ முணுமுணுத்தது.

மகன் ஒருநாள் தோளைத் தட்டிவிட்டுப் போனான். "நீங்க சொன்னதுதான்பா சரி. எல்லாம் மனசுதான். அவ அம்மாகிட்டப் போய்க் கொட்டிட்டு வந்ததும் சரியாயிடுச்சு பார்த்தீங்களா?"

மாஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

அதையும் அவர் விழுங்கியிருப்பார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் சமையலறைக்கு வந்து, அவர் நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸில் ஒரு பிடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நார் எடுத்தபடியே பேசினாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். நீங்க என்னைப் பத்திச் சொன்னதைக் கேட்டு முதல்ல ரொம்பக் கோவம் வந்துச்சு. அப்புறம் அம்மா வீட்டுல உக்காந்து யோசிச்சேன். ஒருவேளை நிஜமாவே என் மனசுக்குள்ள ஏதோ இருந்திருக்குமோன்னு. எனக்கே தெரியாம. உங்களை எவ்ளோ கஷ்டப்படுத்திட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

கத்தியைக் கீழே வைத்தார் மாஸ்டர். மேல் அலமாரியின் கடைசியில், தட்டுகளுக்குப் பின்னால் மூடி வைத்திருந்த அந்தப் பாத்திரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அதை அவர் கழுவவே இல்லை.

"இது என்ன மாமா?"

"தயிர்ல வடிஞ்ச தண்ணிம்மா. வத்திப் போனது. வாயில வெச்சுடாதே, விரலால தேய்ச்சுப் பாரு."

அவள் தேய்த்தாள். "மணலா இருக்கு."

"சர்க்கரை. டாக்டர் சொன்னாரே, அது. எல்லாம் அந்தத் தண்ணியோட வந்துடுது. அந்தத் தண்ணியிலதான் நான் உனக்கு ரொட்டிக்கு மாவு பிசைஞ்சேன். சாதத்துல ஊத்தினேன். உன் வயித்துல ஒண்ணும் தப்பு இல்ல, மனசுலயும் இல்ல. நான்தாம்மா போட்டேன்."

அவள் விரலில் ஒட்டியதைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"உருளைக்கிழங்கு?"

"அதுலயும்."

"நான் முடியாம படுத்திருந்தப்போ குடுத்தீங்களே சூப்பு?"

"அதுலதான் நிறைய."

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

இந்தக் கேள்விக்கு அவர் பயந்திருந்தார். "நீ அம்மா வீட்டுல இருந்தப்போ."

"நான் வந்து இவ்ளோ நாள் ஆச்சு."

"ஆமா."

ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மகன் எப்போது வந்து வாசலில் நின்றான் என்று இருவருக்கும் தெரியாது. அவனைப் பார்த்ததும் மருமகளின் குரல் மாறியது. ஆனாலும் அவள் கத்தவில்லை.

"தெரியாம ஊத்துனீங்க, அதை விட்டுடலாம் மாமா. வயித்து வலிதானே, வந்துது, போச்சு. நான் நடிக்கிறேன்னு சொன்னீங்க. இவரு அதை நம்பினாரு. கடைசியில நானே நம்பிட்டேன். அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

மகன் ஏதோ சொல்ல வந்தான். "நீங்க பேசாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அன்று பீன்ஸ் அடுப்பேறவில்லை.

அடுத்த பல நாட்கள் அவள் தன் டப்பாவைத் தானே கட்டிக்கொண்டாள். மாஸ்டர் எழுந்திருக்கும் முன்பே சமையலறையில் விளக்கு எரியும். அவர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார், உள்ளே போகமாட்டார். கணவனிடமும் அவள் வேண்டியதற்கு மட்டும் பேசினாள். தயிர் உறைய வைப்பதையே மாஸ்டர் நிறுத்திவிட்டார். துணி மடித்தபடி அலமாரியில் கிடந்தது.

ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அவருக்குப் பட்டது. ஒருநாள் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ரயில் நிலையத்துக்குப் போய் அவளுடைய அதிகாரியின் அறை வாசலில் உட்கார்ந்தார். உள்ளே கூப்பிட்டதும் ஆதியோடந்தமாகச் சொன்னார். துணியில் தொடங்கி, பானை, பாட்டில், சூப், மணல் என்று ஒன்றையும் விடவில்லை. அதிகாரி முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு அந்தப் பெரியவரின் கண்ணைப் பார்த்துவிட்டு நேராக உட்கார்ந்தார்.

"புரியுதுங்க ஐயா. ஆனா அந்த இடத்துல வேற ஆளைப் போட்டாச்சு. அடுத்து காலி வந்தா அவங்க பேரையும் சேர்த்துப் பார்க்கறேன். என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்."

சாயந்திரம் மருமகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஆபீசுக்குப் போனீங்களா மாமா?"

"போனேன்மா. தப்பு என்னோடதுன்னு..."

"என் வயித்தைப் பத்தி ஸ்டேஷன் பூரா தெரிஞ்சு போச்சு. டீ கொண்டு வர்ற அண்ணன் என் டம்ளரை மட்டும் தனியா வெச்சு, 'இது பால் இல்லாததும்மா, பயப்படாம குடிங்க'ங்கிறாரு. நல்லது பண்றேன்னு மறுபடி என்னைக் கேக்காமலே பண்ணிட்டு வந்திருக்கீங்க."

மாஸ்டர் தலை குனிந்துகொண்டார். அவளுக்கு அந்த டீக்காரர் நினைவு வந்ததோ என்னவோ, உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பைக் காட்டாமல் உள்ளே போய்விட்டாள். அதுவே அவருக்கு அன்றைக்குப் பெரிய ஆறுதல்.

கோபம் ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடிந்தது. பேச்சைத் தொடங்கியது அவள்தான். ஒரு விடுமுறை நாளில் ஒரு பாத்திரம் தயிரை வாங்கி வந்து மேசையில் வைத்தாள். "இதை எப்படிக் கட்டறதுன்னு காட்டுங்க. நான் பண்றேன், நீங்க கை வைக்காதீங்க" என்றாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல, அவள் துணியை நனைத்து, தயிரை அள்ளி வைத்து, முடிந்து தொங்கவிட்டாள். முடிச்சு கோணலாக இருந்தது. அவருக்கு விரல் பரபரத்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"வடியற தண்ணியைக் கொட்டிடறேம்மா" என்றார்.

"எதுக்குக் கொட்டணும்? எனக்குத்தானே ஆகாது? உங்க ரெண்டு பேருக்கும் தனியா மாவு பிசைஞ்சுக்கோங்க. மிச்சத்தைக் கீழ பேக்கரிக்குக் குடுங்க."

அப்படித்தான் நடக்கிறது. பேக்கரிக்காரர் பன் மாவுக்கு அதை விரும்பி வாங்கிக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் கொடுக்கும்போது மாஸ்டர் கேட்கிறார்: "இதுல செஞ்ச பன்னைப் பால் ஆகாதவங்க யாரும் வாங்கறதில்லையே? கேட்டா சொல்லிடுங்க." தினமும் கேட்டுக் கேட்டுப் பேக்கரிக்காரருக்கு அலுத்துவிட்டது. "சொல்லிட்டேன் மாஸ்டர், போர்டே எழுதி மாட்டிட்டேன் மாஸ்டர்" என்கிறார். கொஞ்சத்தை நிறையத் தண்ணீரில் கலந்து பால்கனித் தொட்டிகளுக்கும் ஊற்றுகிறார். நேராக ஊற்றினால் புளிப்பில் வேர் கருகும்.

மேற்பார்வையாளர் வேலை இன்னொருவருக்குப் போனது போனதுதான். மருமகள் இப்போதும் பார்சல் பிரிவில்தான் இருக்கிறாள். மகன், அவள் 'முடியல' என்று சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுந்துவிடுகிறான். மாஸ்டர் மறுபடியும் அவளுக்கு டப்பா கட்டுகிறார், ஆனால் தட்டில் எதை வைத்தாலும் அதில் என்னென்ன போட்டேன் என்று ஒப்பித்துவிட்டுத்தான் நகர்கிறார். "போதும் மாமா, ஆறிடப் போகுது" என்று அவள்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.

போன வாரம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாதியில் மருமகள் சடாரென்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மாஸ்டரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. ரொட்டியா, பொரியலா, எதில் என்ன போட்டோம் என்று மனசு ஓடியது. அவள் படுக்கையறைக்குள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன் அடிக்குது மாமா," உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீங்க சாப்பிடுங்க."